சந்தா இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண்ணோ நிறுவனப் பெயரோ தவறினால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் மாதக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் பில் கட்டில் வந்த கோளாறுகள் லாரி வாடகையிலும் மின்கட்டணத்திலும் இருந்தன. இப்போது ஏறத்தாழ ஒவ்வொரு கடையும் பில்லிங் மென்பொருள், மின்னஞ்சல், சேமிப்பிடம் என்று ஏதாவதொன்றுக்குச் சந்தா கட்டுகிறது. அந்தச் சந்தாவைக் கடையில் கைப்பேசியைக் கையாளத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் முதலாளியின் மகனோ தம்பியோ, தம் சொந்தப் பெயரில் வாங்கிவிடுகிறார். மாத முடிவில் இன்வாய்ஸ் என் மேசைக்கு வரும்போது அதில் கடையின் ஜிஎஸ்டி எண் இருப்பதில்லை, அல்லது எண் இருந்து பெயர் வேறாக இருக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்தில் எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

## எதையும் தொடங்கும் முன்: திருத்துவதால் பயன் உண்டா?

திருத்தத்தின் நோக்கம் இன்வாய்ஸில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கடைத்தெருவில் ‘இன்புட்’ என்று சொல்லப்படுவதாக, எடுத்துக்கொள்வது. மென்பொருள் சந்தாவுக்கு 18 விழுக்காடு வரி என்பதால் தொகை சிறியதன்று. ஆனால் உங்கள் கடை தொகுப்புத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், இருந்தால் இன்புட் எடுக்கவே முடியாது. எனவே எண் இல்லாத இன்வாய்ஸால் உங்களுக்கு வரி இழப்பு எதுவும் இல்லை.

டெல்டாவின் அரிசி ஆலைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 25 கிலோவுக்கு உட்பட்ட, பொதியிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி உண்டு. 26 கிலோ மூட்டையாகவோ சில்லறையாகவோ விற்றால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை மட்டும் விற்கும் ஆலைக்கு விற்பனை முழுவதும் வரிவிலக்கு என்பதால், அங்கும் சந்தாவின் வரியை இன்புட்டாக எடுக்க இயலாது. இரண்டு வகையும் விற்கும் ஆலை விகிதப்படிதான் எடுக்கலாம். இப்படிப்பட்டவர்கள் வருமான வரிக் கணக்குக்காக நிறுவனப் பெயரை மட்டும் அடுத்த இன்வாய்ஸிலிருந்து திருத்திக்கொண்டால் போதும். பழையதைத் துரத்தி நேரம் செலவிட வேண்டியதில்லை.

## அறிகுறி 1: இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை, தனிநபர் பெயர் மட்டும் இருக்கிறது

மிக அதிகமாக வருவது இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

### முதல் சோதனை: கணக்கில் எண்ணை எழுத இடம் இருக்கிறதா?

சந்தாக் கணக்கில் கட்டண விவரம் அல்லது பில்லிங் என்ற பக்கத்தைத் திறந்து, வரி எண்ணுக்கான கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டம் இருந்து வெறுமையாக இருந்தால், வாங்கும்போது யாரும் நிரப்பவில்லை என்று பொருள். கட்டமே இல்லாவிட்டால், கணக்கைத் தொடங்கும்போது ‘தனிநபர்’ என்ற வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். சில சேவைகளில் அந்த வகையைப் பின்னால் மாற்ற முடியாது. நிறுவன வகையில் புதிய கட்டணக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சந்தாவை அதனோடு இணைக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது பழைய கணக்கில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு நின்றுவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் அடுத்த மாதம் இரண்டு முறை பணம் போகும்.

எண்ணை நிரப்பியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்கில் செய்யும் மாற்றம் பெரும்பாலும் இனி வரும் இன்வாய்ஸ்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கனவே வெளியான இன்வாய்ஸ் அப்படியே இருக்கும். சரிபார்ப்பது எளிது: எண்ணை நிரப்பிய பின் பழைய இன்வாய்ஸை மீண்டும் பதிவிறக்கிப் பாருங்கள். அது மாறாமல் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

### இரண்டாம் சோதனை: இன்வாய்ஸ் தேதியும் 11ஆம் தேதியும்

விற்றவர் தம் விற்பனை விவரத்தை `GSTR-1` என்ற ரிட்டர்னில் தாக்கல் செய்கிறார். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கடைசி நாள். எண் இல்லாத இன்வாய்ஸ் அதில் பதிவில்லாத நுகர்வோருக்கு விற்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சிறு தொகையாக இருந்தால் மற்ற விற்பனைகளோடு மொத்தமாகக் கூட்டப்பட்டு, தனி இன்வாய்ஸாக எங்கும் தெரிவதே இல்லை. ஆகவே 11ஆம் தேதிக்கு முன்னால் கேட்கும் வாடிக்கையாளருக்குத் திருத்தம் எளிது. அதற்குப் பின் கேட்டால், விற்றவர் முந்தைய மாதக் கணக்கில் ஒன்றைக் குறைத்து, இன்னொரு பகுதியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றாலும், பல நிறுவனங்களின் உதவிப் பிரிவு மறுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அதனால்தான் என்னிடம் வரும் கடைக்காரர்களிடம் மாதப் பில்களை 5ஆம் தேதிக்குள் கொடுத்துவிடும்படி வற்புறுத்துகிறேன். என் வேலை எளிதாவதற்காக அன்று, பிழை தெரிந்தால் விற்றவரிடம் எழுதிக் கேட்க ஐந்தாறு நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக.

### மூன்றாம் சோதனை: விற்றவர் மின் இன்வாய்ஸ் போட வேண்டியவரா?

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், பதிவுபெற்ற வணிகருக்குப் போடும் ஒவ்வொரு இன்வாய்ஸையும் அரசின் மின் இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து, `IRN` என்ற நீண்ட எண்ணும் கியூஆர் குறியீடும் பெற வேண்டும். பதிவில்லாத நுகர்வோருக்குப் போடும் இன்வாய்ஸுக்கு இந்த எண் கிடையாது. எனவே உங்கள் பழைய இன்வாய்ஸில் `IRN` இல்லாதது இயல்பு. ஆனால் திருத்தித் தரும் இன்வாய்ஸில் அது இருந்தே ஆக வேண்டும். விற்றவர் இந்தக் கடமைக்கு உட்பட்டவராக இருந்தும் `IRN` இல்லாமல் இன்வாய்ஸ் தந்தால், விதிப்படி அது இன்வாய்ஸாகவே கருதப்படாது.

இங்கே இன்னொரு கால வரம்பும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் 30 நாளுக்கு மேல் பழைய தேதியிட்ட இன்வாய்ஸை அந்தத் தளத்தில் பதிய முடியாது. சந்தா விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வரும். ஆகவே ஒரு மாதம் கழிந்தபின் ‘அதே தேதியில் எண்ணை மட்டும் சேர்த்துத் தாருங்கள்’ என்று கேட்பது நடக்காத காரியம். பழையதற்கு வரவுக் குறிப்பு, அதாவது கிரெடிட் நோட், போட்டுவிட்டு இன்றைய தேதியில் புதிய இன்வாய்ஸ் தரும்படி கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

### ஒரு பாத்திரக்கடையில் நடந்தது

அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்தும் பித்தளைப் பாத்திரக்கடை. 2025 ஜூன் 27ஆம் தேதி மாலை, அண்ணனின் மகன் இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா வாங்கினார். சந்தா 24,000 ரூபாய், விற்றவர் கர்நாடகத்தில் இருந்ததால் ஐஜிஎஸ்டி 4,320 ரூபாய், மொத்தம் 28,320 ரூபாய். தம் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியதால் இன்வாய்ஸ் அவர் பெயரிலேயே வந்தது. ஜூலை 3ஆம் தேதி பில் கட்டைப் பிரித்தபோது இதைப் பார்த்தேன்.

அன்றே கணக்கில் கூட்டு நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் நிரப்பச் சொன்னேன். “மாமா, போட்டுட்டேன், இனிமே சரியா வந்துடும்” என்றார் அந்த இளைஞர். இன்வாய்ஸைத் திரும்ப இறக்கிப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. 4ஆம் தேதி உதவிப் பிரிவுக்கு எழுதினோம். 5ஆம் தேதி பதில் வந்தது. அதே இன்வாய்ஸ் எண், அதே தேதி, கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அழகாக அச்சாகியிருந்தன. இளைஞருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் `IRN` இல்லை. அந்த நிறுவனம் எங்களுடைய வேறொரு வாடிக்கையாளருக்குப் போட்ட இன்வாய்ஸில் அது இருந்தது என் கோப்பிலேயே தெரிந்ததால், இது காகிதத்தில் மட்டும் செய்த திருத்தம் என்பது புரிந்தது. இதை ஏற்றுக்கொண்டிருந்தால் அவர்களின் ரிட்டர்னில் எதுவும் மாறியிருக்காது. எங்கள் கணக்கில் 4,320 ரூபாய் எப்போதும் தெரிந்திருக்காது.

மீண்டும் எழுதி, பழையதை நீக்கிவிட்டு மின் இன்வாய்ஸாகத் தரும்படி தெளிவாகக் கேட்டோம். 8ஆம் தேதி பழைய இன்வாய்ஸுக்கு வரவுக் குறிப்பும், அன்றைய தேதியிட்ட புதிய இன்வாய்ஸும் `IRN` உடன் வந்தன. இன்வாய்ஸ் ஜூலை தேதியில் இருந்ததால், ஆகஸ்ட் 14ஆம் தேதி உருவான `GSTR-2B` என்ற ஜூலை மாத இன்புட் பட்டியலில் அது தெரிந்தது; ஜூலை மாத ரிட்டர்னில் இன்புட் எடுத்தோம். ஒரு மாதம் தாமதமே தவிர இழப்பு ஏதும் இல்லை.

### உதவிப் பிரிவுக்கு எழுதும்போது

‘பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கவும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால், கணக்கில் எண்ணை நிரப்பும் வழிமுறையை அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். இன்வாய்ஸ் எண், தேதி, மொத்தத் தொகை, வரித் தொகை ஆகியவற்றையும், பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே சட்டப் பெயர், ஜிஎஸ்டி எண், முகவரி ஆகியவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். பதிவுச் சான்றிதழின் நகலை இணையுங்கள். கேட்பது என்ன என்பதையும் வரையறுத்துச் சொல்லுங்கள்: பழைய இன்வாய்ஸுக்கு வரவுக் குறிப்பும், நம் எண்ணில் புதிய இன்வாய்ஸும், அது `GSTR-1`இல் நம் எண்ணின்கீழ் பதியப்படும் என்ற உறுதியும் வேண்டும் என்று. சந்தாவை ரத்து செய்துவிட்டு மீண்டும் வாங்கும்படி அவர்கள் சொன்னால், பணம் முழுதும் திரும்புமா, தரவு அழிந்துவிடுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சம்மதியுங்கள். ஓராண்டு இருப்புக் கணக்கை 4,000 ரூபாய்க்காக இழந்துவிடக் கூடாது.

## அறிகுறி 2: படிவம் எண்ணை ஏற்கவில்லை, ‘செல்லாது’ என்கிறது

இதில் பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான் காரணம். எண்ணின் 15 இடங்களும் இப்படி அமைந்திருக்கும்:

```
33 AAAPA0000A 1 Z 5
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம்; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்; அதில் முதல் ஐந்தும் எழுத்துகள், அடுத்த நான்கும் இலக்கங்கள், கடைசி ஒன்று எழுத்து. பிறகு ஓர் இடம், அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். பதினான்காம் இடத்தில் பொதுவாக `Z` வரும். கடைசி இடம் சரிபார்ப்பு எழுத்து அல்லது இலக்கம். இந்த அமைப்பு தெரிந்தால், `O` என்ற எழுத்தையும் பூச்சியத்தையும், `I` என்ற எழுத்தையும் ஒன்றையும், `Z` ஐயும் இரண்டையும் குழப்பியிருப்பது உடனே கண்ணில் படும். தேயும் அச்சில் உள்ள கடை முத்திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், பதிவுச் சான்றிதழிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள்.

எண் சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால், `gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` பகுதியில் எண்ணைக் கொடுத்து, நிலை `Active` என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதங்கள் ரிட்டர்ன் போடாமல் விட்ட கடைகளின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டோ ரத்தாகியோ இருக்கும். அப்போது பிழை சந்தாவில் இல்லை, பதிவில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விற்றவரிடம் பேசிப் பயனில்லை.

நிலையும் சரி என்றால், படிவத்தில் தேர்ந்தெடுத்த மாநிலமும் எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இது நம் பகுதியில் தனியே ஓர் அறிகுறியாக வருவதால் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

## அறிகுறி 3: எண் சரி, பெயர்தான் வேறாக இருக்கிறது

பதறத் தேவையில்லை. தனி உரிமையாளர் கடைகளில், பதிவில் உள்ள சட்டப் பெயர் உரிமையாளரின் சொந்தப் பெயராகவும், பெயர்ப்பலகையில் உள்ளது வணிகப் பெயராகவும் இருக்கும். தளத்தில் எண்ணைத் தேடினால் `Legal Name of Business`, `Trade Name` என்று இரண்டையும் காட்டும். இன்வாய்ஸில் இவற்றில் எது இருந்தாலும் அது பிழையன்று.

இரண்டிலும் சேராத பெயர், உதாரணமாகச் சந்தா வாங்கிய மகனின் பெயர், கடையின் எண்ணோடு அச்சாகியிருந்தால் அது குறைதான். ஆனாலும் `GSTR-2B`யில் இன்வாய்ஸ் வந்து சேர்வது எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்தன்று. மேலும் ஜிஎஸ்டி விதிகளில் 36ஆம் விதியின் ஒரு நிபந்தனை, இன்வாய்ஸில் சில விவரங்கள் விடுபட்டிருந்தாலும், வரித் தொகை, சேவையின் விவரம், மொத்த மதிப்பு, இருதரப்பு ஜிஎஸ்டி எண்கள், வெளிமாநில விற்பனையானால் வழங்கல் இடம் ஆகியவை இருந்தால் இன்புட் எடுக்க அனுமதிக்கிறது. ஆகவே இந்தப் பிழைக்காக நான் பழைய இன்வாய்ஸைத் திருப்பி அனுப்பச் சொல்வதில்லை. கணக்கில் பெயரை மாற்றச் சொல்லிவிட்டு, பணம் மகனின் அட்டையிலிருந்து போயிருந்தால் கடைக் கணக்கிலிருந்து அதே தொகையை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறேன். செலவு கடையுடையது என்பதற்கு அதுவே ஆதாரமாக இருக்கும். கூட்டு நிறுவனமோ கம்பெனியோ ஆகித் தொகையும் பெரிதாக இருந்தால் மட்டும், திருத்திய இன்வாய்ஸைக் கேட்டு வாங்குவது நல்லது.

## அறிகுறி 4: காரைக்கால் கடைக்குத் தமிழ்நாட்டு வரி போடப்பட்டிருக்கிறது

நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே இருந்தாலும், காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள கடையின் எண் 34 என்று தொடங்கும். மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் அஞ்சல் எண் 609 என்றே தொடங்குவதால், முகவரிப் படிவத்தில் ‘தமிழ்நாடு’ என்ற மாநிலம் கவனியாமல் தேர்வாகிவிடுவதுண்டு. இரு பக்கமும் கடை வைத்திருப்பவர்கள் காரைக்கால் கடைக்கு நாகப்பட்டினம் கடையின் எண்ணைக் கொடுத்துவிடுவதும் உண்டு.

அறிகுறியை இன்வாய்ஸிலேயே காணலாம். விற்றவர் சென்னையில் இருந்தால், காரைக்கால் கடைக்கு ஐஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று ஒரே வரியாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரிந்திருந்தால் தவறு. மொத்தத் தொகை ஒன்றுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் விற்றவரும் வழங்கல் இடமும் ஒரே மாநிலமாக இருந்து, வாங்கியவர் வேறு மாநிலமாக இருந்தால், அந்த இன்வாய்ஸ் `GSTR-2B`யில் இன்புட் கிடைக்காதவை என்ற பகுதியில் போய் விழும். அங்கே உங்கள் இன்வாய்ஸைப் பார்த்தால் காரணம் இதுதானா என்று முதலில் சோதியுங்கள். தீர்வு, விற்றவர் வரவுக் குறிப்புப் போட்டு ஐஜிஎஸ்டியோடு புதிய இன்வாய்ஸ் தருவது மட்டுமே. தவறாகக் கட்டிய வரியை அவர் அரசிடமிருந்து திரும்பப் பெற வழி இருக்கிறது. அதைச் சொல்லியே கேளுங்கள்.

எண்ணே மாறிப் போய், நாகப்பட்டினம் கடையின் 33 எண்ணில் சரியான இன்வாய்ஸ் வந்திருந்தால் இன்புட் அந்தக் கடைக்குப் போகும். ஒரே உரிமையாளர் என்பதற்காகக் காரைக்கால் பதிவில் அதை எடுத்துவிடக் கூடாது; சட்டத்தின் பார்வையில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

## அறிகுறி 5: வெளிநாட்டு நிறுவனம் 18 விழுக்காடு வரி போட்டிருக்கிறது

விற்றவரின் ஜிஎஸ்டி எண் 99 என்று தொடங்கினால், அவர் இந்தியாவுக்கு வெளியே இருந்து இணையச் சேவை விற்பவர். இவர்கள் பதிவில்லாத வாடிக்கையாளரிடம் மட்டுமே வரி வாங்கிக் கட்ட வேண்டும். நீங்கள் எண் கொடுக்காததால் உங்களையும் அப்படியே கருதி வரி போட்டுவிட்டார்கள். இந்த வரியை இன்புட்டாக எடுக்க வழியில்லை. இன்வாய்ஸில் வரி அச்சாகியிருப்பதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

எண்ணைச் சேர்த்தபின் அடுத்த இன்வாய்ஸில் வரி பூச்சியமாகும். அது வரிவிலக்கு என்று பொருளில்லை. அந்த 18 விழுக்காட்டை எதிர்முறைக் கட்டணமாக, அதாவது ரிவர்ஸ் சார்ஜாக, நீங்களே கட்ட வேண்டும். `GSTR-3B` ரிட்டர்னில் `3.1(d)` இடத்தில் காட்டிப் பணமாகக் கட்டிவிட்டு, வரி விதிக்கத்தக்க விற்பனை உள்ளவர்கள் அதையே `4(A)(2)` இடத்தில் வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கும் இந்தக் கடமை உண்டு. அவர்களுக்கு வரவு மட்டும் கிடையாது.

ஏற்கனவே கட்டிய வரியைத் திருப்பித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். அவர்கள் மறுத்துவிட்டால் எதிர்முறைக் கடமை தானாக நீங்கிவிடாது. இந்த இடத்தில் நீங்களே முடிவெடுக்காமல் ஆடிட்டரிடம் போக வேண்டும்.

## அறிகுறி 6: எல்லாம் சரியாக அச்சாகியும் `GSTR-2B`யில் வரவில்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். விற்றவர் 11ஆம் தேதிக்குப் பின் தாக்கல் செய்தால் இன்வாய்ஸ் அடுத்த மாதத்தில்தான் தெரியும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு விற்பனையாளரானால், காலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்து, இன்வாய்ஸில் `IRN` இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரக்கடைக்கு முதலில் வந்ததைப் போன்ற காகிதத் திருத்தமாக அது இருக்கக்கூடும்.

இரண்டும் இல்லையென்றால், விற்றவர் ரிட்டர்னில் வேறு எண்ணைப் பதிந்திருக்கலாம். அப்போது உங்கள் இன்வாய்ஸ் வேறொருவருடைய பட்டியலில் தெரியும். விற்றவர் தம் அடுத்த மாத `GSTR-1`இல் எண்ணைத் திருத்த முடியும். எந்த இன்வாய்ஸ் என்று எண்ணும் தேதியும் கொடுத்து எழுதுங்கள். 2B-யில் தெரியும்வரை இன்புட் எடுக்காதீர்கள். 2022 ஜனவரி முதல் அதில் வருவது இன்புட்டுக்கு ஒரு கட்டாய நிபந்தனை.

## எப்போது ஆடிட்டரிடம் போக வேண்டும்

ஒரு நிதியாண்டின் இன்வாய்ஸுக்கு, அந்த ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30ஆம் தேதியோ, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலோ, எது முந்தியதோ அதுவரைதான் இன்புட் எடுக்கலாம். விற்றவர் தம் ரிட்டர்னைத் திருத்தவும் ஏறத்தாழ அதே எல்லைதான். செப்டம்பர் கடந்தும் திருத்தம் வரவில்லை, தொகையும் பெரிது என்றால், உதவிப் பிரிவோடு இனி கடிதப் போக்குவரத்து நடத்தாமல் ஆடிட்டர் வழியாக முறையான கடிதம் அனுப்புங்கள்.

2B-யில் இல்லாத வரவை ஏற்கனவே எடுத்துப் பயன்படுத்திவிட்டீர்கள் என்றால் அன்றே போக வேண்டும். அதற்கு 18 விழுக்காடு வட்டி உண்டு, அது நாளுக்கு நாள் கூடும். `DRC-01C` என்ற அறிவிப்பு தளத்தில் வந்திருந்தால் பதில் சொல்ல ஏழு நாள்தான் இருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த `GSTR-1` தாக்கல் செய்வதே தடைபடும். பிறகு உங்களிடம் வாங்கியவர்கள் தங்கள் 2B-யில் உங்கள் பில்லைக் காணாமல் உங்கள் கடைக்கு வருவார்கள். போகும்போது பழைய இன்வாய்ஸ், திருத்தியது, வரவுக் குறிப்பு, உதவிப் பிரிவோடு நடந்த கடிதங்கள், பணம் போன வங்கி விவரம், அந்த மாதத்தின் 2B ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கொண்டு போங்கள். கடிதங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவதைவிட, மின்னஞ்சலை அப்படியே முன்னனுப்புவது நல்லது. எந்தத் தேதியில் கேட்டோம் என்பது அதில் அழியாமல் இருக்கும்.